படர்க்கைக் கதையை முன்னிலைக்கு மாற்றும்போது வரும் பிழைகள்: அறிகுறியும் திருத்தமும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு நாங்கள் சிலர் கூடி, எழுதிய கதைகளை உரக்க வாசித்துத் திருத்துவது வழக்கம். அங்கே அடிக்கடி வரும் ஒரு வேலை, “அவன்” என்று எழுதிய கதையை வாசகரை நோக்கிப் பேசும் கதையாக மாற்றுவது. சுட்டுப்பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்துத் தொடங்குபவர்கள், வாசித்துக் காட்டும்போது கதை கெட்டுவிட்டதை உணர்கிறார்கள். எந்த இடத்தில் கெட்டது என்று மட்டும் தெரிவதில்லை. ஆகவே காதில் உறுத்தும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வகையில் இதை எழுதுகிறேன். எல்லா அறிகுறிகளுக்கும் கீழே உள்ள ஒரே பத்தியை வைத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் 2011 டிசம்பர் 30-ஆம் நாள் புயலைச் சுற்றி நானே எழுதிய பத்தி இது.

“தானே புயலுக்கு மறுநாள் காலையில் சரவணன் பண்ருட்டியில் இறங்கித் தன் ஊருக்கு நடந்தான். சாலையில் சாய்ந்து கிடந்த முந்திரி மரங்களை அவன் பார்த்தான். தோப்புக்குள் நுழைந்தான். அப்பா விழுந்த பலாமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் தன்னைப் பார்த்துவிட்டதை அவன் கவனித்தான். அவன் பிறந்த வருடம் தாத்தா நட்ட மரம் அது. அவனுக்கு அழுகை வந்தது. ‘நீ எதுக்கு வந்த?’ என்று அப்பா கேட்டார். அந்த மரத்துக்குப் போன மாதமே விலை பேசி, அவன் படிப்புக்காக அவர் முன்பணம் வாங்கியிருந்தது அவனுக்குத் தெரியாது.”

இதில் சரவணனையும் “அவன்” என்பதையும் எடுத்துவிட்டு “நீ” என்று போட்டு, வினைமுற்றுகளின் விகுதியையும் மாற்றினால் முதல் வரைவு கிடைத்துவிடும்: “நீ பண்ருட்டியில் இறங்கித் தன் ஊருக்கு நடந்தாய். சாலையில் சாய்ந்து கிடந்த முந்திரி மரங்களை நீ பார்த்தாய். தோப்புக்குள் நுழைந்தாய்…” இனி, இதை உரக்க வாசிக்கும்போது காதில் விழும் குறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அறிகுறி: “தன்” என்ற சொல் இடறுகிறது, யார் யாரைப் பார்த்தார் என்பது குழம்புகிறது

இது எளிதான பிழை என்பதால் முதலில் முடித்துவிடலாம். “தான், தன், தனக்கு, தன்னை” ஆகியவை படர்க்கைக்கு உரியவை. முன்னிலையில் அவற்றின் இடத்தில் “உன், உனக்கு, உன்னை” வர வேண்டும். “நீ தன் ஊருக்கு நடந்தாய்” என்பது வெறும் இலக்கணப் பிழை. யார் கண்ணிலும் பட்டுவிடும். ஆனால் “அவர் தன்னைப் பார்த்துவிட்டதை நீ கவனித்தாய்” என்ற தொடர் இலக்கணப்படி சரியாகவே நின்றுகொண்டு பொருளை மாற்றிவிடுகிறது. இப்போது அந்தத் “தன்னை” அப்பாவைக் குறிக்கிறது. அவர் தன்னைத் தானே பார்த்துக்கொண்டதாகக் கதை ஆகிவிட்டது. பிழை என்று தோன்றாத பிழை என்பதால் இதுவே ஆபத்தானது.

கணினியில் ஒரேயடியாகத் தேடி மாற்றும் வசதியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. “அவன்தான்”, “நடந்துதான்” என்று அழுத்தத்துக்காக ஒட்டி வரும் “தான்” மாறக் கூடாது. நம் பத்தியில் புயலின் பெயரே “தானே”. அதே போல், கதையில் இன்னொரு ஆண் பாத்திரம் வந்தால், எல்லா “அவன்”களும் சரவணன் ஆகமாட்டா. அச்சிட்ட தாளில் ஒவ்வொரு “தன்”னுக்கும் “அவன்”னுக்கும் அடியில் கோடிட்டு, அது யாரைச் சுட்டுகிறது என்று ஓரத்தில் பெயரை எழுதிக்கொண்ட பிறகே மாற்றத் தொடங்குங்கள். ஒரு நான்கு பக்கக் கதைக்கு அரை மணி நேரம் பிடிக்கும். பின்னால் வரும் எல்லாக் குழப்பத்தையும் அந்த அரை மணி நேரம் தடுக்கும்.

அறிகுறி: வாசிப்பவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல ஒலிக்கிறது

முன்னிலைக் கதைகளில் நான் அதிகம் கேட்கும் குறை இதுதான். “நடந்தாய். பார்த்தாய். நுழைந்தாய். கவனித்தாய்.” ஒவ்வொரு வாக்கியமும் ஒரு விரலை நீட்டுகிறது.

காரணம் நம் பேச்சு வழக்கில் இருக்கிறது. ஒருவரிடம் அவர் செய்து முடித்த செயலை நாம் எப்போது எடுத்துச் சொல்கிறோம்? அவருக்குத்தான் அது தெரியுமே. பெரும்பாலும் குற்றம் சாட்டும்போதும், விசாரிக்கும்போதும், மறந்துவிட்டதை நினைவூட்டும்போதும்தான் சொல்கிறோம். “நேத்து நீ பத்து மணிக்கு வந்த” என்று ஒருவர் தொடங்கினால், அடுத்து ஒரு கேள்வி வரப்போகிறது என்று கேட்பவர் தயாராகிவிடுகிறார். இறந்த காலமும் முன்னிலை விகுதியும் சேர்ந்தால் தமிழ்க் காதுக்கு அந்த எதிர்பார்ப்பு வந்துவிடும். படர்க்கையில் இறந்த காலம் கதையின் இயல்பான காலம். முன்னிலையில் அப்படி இல்லை.

சோதிப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் “ஏன்?” என்று சேர்த்து வாசித்துப் பாருங்கள். “தோப்புக்குள் நுழைந்தாய். ஏன்?” என்பது இயல்பாகப் பொருந்துகிறது, ஆகவே அந்த வாக்கியம் விசாரணை வாக்கியம். “சாலையில் முந்திரி மரங்கள் சாய்ந்து கிடக்கும். ஏன்?” என்பது பொருந்தவில்லை, ஆகவே அது தப்பித்தது. நம் பத்தியின் முதல் வரைவில் நான்கு வாக்கியங்கள் இந்தச் சோதனையில் சிக்குகின்றன. அதோடு, அப்பா கேட்கும் “நீ எதுக்கு வந்த?” என்ற கேள்வியின் கூர்மையும் போய்விடுகிறது. கதை சொல்பவரே வரிக்கு வரி விசாரித்துக்கொண்டிருக்கும்போது அப்பாவின் கேள்வி அவற்றுள் ஒன்றாகக் கரைந்துவிடுகிறது.

திருத்தத்துக்கு இரண்டு வழிகளைச் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

முதலாவது, முன்னிலை வினைமுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. “நீ” என்பதை எடுப்பது மட்டும் போதாது. “நடந்தாய்” என்பதற்குள்ளேயே “நீ” இருக்கிறது. ஆனால் தமிழில் இடம் காட்டாத வினைகள் ஏராளம். “வேண்டும், முடியாது, தெரியும், பிடிபடாது, கேட்கும்” ஆகியவை யாருக்கு வந்தாலும் உருமாறுவதில்லை. “நீ ஊருக்கு நடந்தாய்” என்பதை “ஊருக்கு நடந்துதான் போக வேண்டியிருக்கும்” என்று சொன்னால் நடப்பவர் வாசகர்தான் என்பது புரிகிறது, விரல் நீளவில்லை. “மரங்களை நீ பார்த்தாய்” என்ற வாக்கியமே தேவையில்லை. மரங்கள் கிடப்பதைச் சொன்னால் பார்ப்பவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வினையெச்சங்களைக் கோத்து, நான்கு செயலுக்கு ஒரு முற்று போதும் என்று அமைப்பதும் உதவும்.

இரண்டாவது, காலத்தை மாற்றுவது. “இறங்கினால்”, “கிடக்கும்”, “உட்கார்ந்திருப்பார்” என்று நிபந்தனையிலும் எதிர்காலத்திலும் சொல்லும்போது பேச்சின் இயல்பே மாறிவிடுகிறது. இன்னும் போகாதவருக்குப் போய் வந்தவர் சொல்லும் பேச்சாக அது ஆகிறது. இதற்கு நம்மிடம் பழைய முன்மாதிரி உண்டு. ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்று வந்தவர், இன்னும் பெறாத இன்னொருவருக்கு வழி சொல்வது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இந்த வகை. அவற்றுள் சிறுபாணாற்றுப்படை நம் கடற்கரை வழியாகவே பாணனை அழைத்துப் போகிறது. மரக்காணம் என்று அறிஞர்கள் கருதும் எயிற்பட்டினத்தில், சுட்ட உலர் குழல்மீன் கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில் வரும் வினை “பெறுகுவிர்”. அது எதிர்கால முன்னிலை. அங்கே சொல்பவர் கேட்பவரைக் குற்றம் சாட்டவில்லை. கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். முன்னிலைக் கதைக்கு வேறெங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தத் திருத்தம் தன் பங்குக்கு ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவரும். தமிழின் எதிர்காலம் வழக்கத்தையும் குறிக்கும். “அப்பா மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார்” என்றால், தினமும் அப்படி உட்காரும் பழக்கம் உள்ளவர் என்றும் பொருள் வரும். ஒரே ஒருமுறை நடந்த நிகழ்ச்சி என்பது உறுதிப்பட, முதல் வாக்கியத்திலேயே திரும்ப வராத ஒரு நாளைச் சொல்லிவிட வேண்டும். “புயலுக்கு மறுநாள் காலையில்” என்பது அந்த வேலையைச் செய்கிறது. “காலையில்” என்று மட்டும் இருந்தால் செய்யாது. நீண்ட கதை என்றால் இரண்டு மூன்று பக்கத்துக்குப் பின் எதிர்காலம் காதுக்குச் சலித்துவிடும். முக்கியமான காட்சி தொடங்கும் இடத்தில், பத்தி பிரித்து, நிகழ்காலத்துக்கு வந்துவிடலாம். நடுப்பத்தியில் மாற்றினால் தவறாக எழுதியது போலத் தெரியும்.

அறிகுறி: “இதை யார் சொல்கிறார்?” என்று வாசகர் கேட்கிறார்; “நீ”யும் “நீங்கள்”உம் மாறி மாறி வருகின்றன

இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள். “அவன்” என்று எழுதும்போது சொல்பவர் மறைந்துகொள்ளலாம். “நீ” என்று எழுதிய நொடியில் சொல்பவர் வெளியே வந்துவிடுகிறார். ஏனென்றால் தமிழில் ஒருவரை “நீ” என்றழைக்க ஏதோ ஓர் உறவோ உரிமையோ வேண்டும். தாய், தமக்கை, நண்பன், ஆசிரியர், வயதில் மூத்தவர், தெய்வத்தை அழைக்கும் பக்தர் என்று யாரோ ஒருவராக இருந்தே ஆக வேண்டும். எழுதுபவர் அதைத் தீர்மானிக்காவிட்டால், ஒரு பக்கத்தில் அம்மாவின் குரலும் அடுத்த பக்கத்தில் மேடைப் பேச்சாளரின் குரலும் கேட்கும். கூச்சம் வரும் இடங்களில் கை தானாகவே “நீங்கள்” என்று எழுதிவிடும்.

நம் பத்தியில் சொல்பவரைக் கண்டுபிடிக்க, கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். முன்பணம் வாங்கியது சரவணனுக்குத் தெரியாது. படர்க்கையில் எல்லாம் அறிந்த கதைசொல்லி இதைச் சொன்னார். முன்னிலையில் “உனக்குத் தெரியாது” என்று சொன்னால், அது தெரிந்த ஒரு மனிதர் எதிரே நிற்க வேண்டும். பலர் இந்த வாக்கியத்தை இடையூறு என்று வெட்டிவிடுகிறார்கள். நான் வெட்ட மாட்டேன். யார் பேசுவது என்பதற்கான விடை அதில்தான் இருக்கிறது.

அந்த உண்மை யாருக்கெல்லாம் தெரியும்? அப்பாவுக்கு, அவர் சொல்ல மாட்டார். அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். அம்மா பேசினால் இறந்த காலமும் “நீ”யும் பொருந்தும். மகனுக்கு நினைவூட்டும் தாயின் பேச்சாக அது நிற்கும். ஆனால் அப்போது “நீ” என்பவர் சரவணன்தான். வாசகர் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்பவர் ஆகிவிடுவார். வாசகரையே நோக்கிப் பேச வேண்டும் என்பது நம் நோக்கம் என்றால், மிஞ்சுவது இன்னொருவர்: பின்னாளில் உண்மையை அறிந்துகொண்ட சரவணன். ஆற்றுப்படையில் பேசுபவரும் அந்த வழியில் போய் வந்தவர்தான். படர்க்கையில் நாயகனாக இருந்தவர் இப்போது சொல்பவராகி, காலியான அவர் இடத்தில் வாசகர் வந்து நிற்கிறார்.

அவர் வாசகரை முன்பின் அறியாதவர். ஆகவே “நீங்கள்” என்று அழைப்பதே இங்கே பொருத்தம். “நீ” வேண்டும் என்று வாதாடுபவர்கள் அதில் நெருக்கம் இருக்கிறது என்பார்கள். முன்பின் தெரியாத வாசகரிடம் அது நெருக்கமாகப் படுவதைவிட அதிகாரமாகப் படுவதே அதிகம் என்பது என் முடிவு. “நீங்கள்” என்பதில் இரண்டு குறைகள் உண்டு. “-ஈர்கள்” என்னும் விகுதி நீளமானது. முற்றுகளைக் குறைத்துவிட்டதால் இது நம்மைப் பெரிதாகத் தொடாது. மற்றொன்று, கூட்டத்தை அழைப்பது போலவும் ஒலிக்கலாம். “உங்கள் அப்பா”, கையில் ஒரே ஒரு பை என்று ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு பொருளைத் தொடக்கத்திலேயே வைத்தால் அது அடங்கிவிடும்.

அறிகுறி: உரையாடலில் வரும் “நீ” யாரைச் சொல்கிறது என்று தெரியவில்லை

கதை சொல்பவரும் “நீ” என்கிறார், அப்பாவும் “நீ” என்கிறார். மேற்கோள் குறியைத் தவறவிடும் வாசகருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். சொல்பவர் “நீங்கள்” என்று மாறியதும் இந்தச் சிக்கல் தானே தீர்ந்துவிடுகிறது. அப்பா மட்டும்தான் இப்போது “நீ” என்றழைக்கிறார். அந்த உரிமை அவருக்கு மட்டுமே இருப்பதும் கேட்கிறது. கதையில் எல்லோருமே “நீங்கள்” என்று பேசும் சூழல் என்றால், உரையாடலைப் பேச்சு வழக்கிலும் கதையை எழுத்து வழக்கிலும் வைத்தாலே வேறுபாடு நின்றுவிடும்.

அறிகுறி: வாசகர் ஆணா பெண்ணா, என்ன வயது என்பது மறைந்துவிட்டது, விவரங்கள் விண்ணப்பப் படிவம் போல இருக்கின்றன

“அவன்” என்ற சொல் ஆண்பாலையும் மரியாதையின் அளவையும் சுமந்துகொண்டிருந்தது. “நீங்கள்”, “போவீர்கள்” என்பவற்றில் பால் இல்லை. பெரும்பாலான கதைகளுக்கு இது நல்லது. யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் நிற்கலாம். கதைக்குப் பால் தேவை என்றால் சொல்பவர் அதை அறிவிக்கக் கூடாது. எதிரில் வருபவர் “தம்பி” என்றோ “பாப்பா” என்றோ கூப்பிட்டால் போதும்.

இதே காரணத்தால்தான் “நீங்கள் பிறந்த வருடம் தாத்தா நட்ட மரம் அது” என்ற வாக்கியமும் உறுத்துகிறது. ஒருவருக்குத் தெரிந்ததை அவரிடமே தகவலாகச் சொல்வது எந்தக் குரலிலும் இயல்பாக இராது. அந்தத் தகவலை வாய்விட்டுச் சொல்லக் காரணம் உள்ள ஒரு பாத்திரத்தின் வாயில் வைக்க வேண்டும். மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அந்தக் காரணம் இருக்கிறது.

அறிகுறி: “எனக்கு அப்படித் தோன்றவில்லையே” என்று வாசகர் விலகுகிறார்

“அவனுக்கு அழுகை வந்தது” என்றால் வாசகர் நம்புவார். “உங்களுக்கு அழுகை வரும்” என்றால், வரவில்லை என்று மனதுக்குள் மறுப்பார். உணர்ச்சியை அவர் சார்பில் நாம் அறிவிக்க முடியாது. ஆனால் உடல் செய்யும் சிறு செயலை மறுக்க மாட்டார். கையில் இருக்கும் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பதை யாரும் தம்முடையதாக ஏற்றுக்கொள்வார்கள். கதையில் உள்ள உணர்ச்சிப் பெயர்களை எல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு பொருளையோ கையசைவையோ வைக்க முடிகிறதா என்று பாருங்கள். வைக்க முடியாதவற்றை நீக்கிவிடுவதே நல்லது.

நாயகன் இல்லாத காட்சிகள் கதையில் பாதிக்கு மேல் இருந்தால் இந்த மாற்றத்தைத் தொடங்கவே வேண்டாம். வாசகர் நிற்க அங்கே இடம் இல்லை. ஒன்றிரண்டு காட்சிகள் என்றால், சொல்பவர் பின்னால் கேட்டறிந்ததாக வைக்கலாம்.

இத்தனை திருத்தங்களும் சேர்ந்த பிறகு நம் பத்தி இப்படி அமைந்தது:

“தானே புயலுக்கு மறுநாள் காலையில் பண்ருட்டியில் இறங்கினால், உங்கள் ஊருக்கு நடந்துதான் போக வேண்டியிருக்கும். சாலையில் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடக்கும். கிளைகளைத் தாண்டித் தாண்டிப் போகிறபோது எது யாருடைய தோப்பு என்பதே பிடிபடாது. உங்கள் தோப்பில், விழுந்த பலாமரத்தின் மேல் அப்பா உட்கார்ந்திருப்பார். உங்களைப் பார்ப்பார், உடனே பேச மாட்டார். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பீர்கள். ‘உன் வயசுதான் இதுக்கும்’ என்பார், மரத்தைத் தட்டியபடி. பிறகு, ‘நீ எதுக்கு வந்த?’ என்று கேட்பார். அந்த மரத்துக்குப் போன மாதமே விலை பேசி, உங்கள் படிப்புக்காக முன்பணமும் வாங்கிவிட்டதை அவர் சொல்ல மாட்டார். எனக்கும் அது மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.”

முன்னிலை வினைமுற்று நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்திருக்கிறது: “நிற்பீர்கள்”. அந்த ஒன்றையும் எடுக்க நான் முயன்றேன்; எடுத்ததும் வாசகர் அந்தத் தோப்பில் இல்லாமல் போனார். ஆகவே திரும்ப வைத்தேன். கடைசி வாக்கியத்தில் வரும் “எனக்கும்” என்ற ஒரு சொல்லில்தான் பேசுபவர் யார் என்பது முதன்முதலாகத் தெரிகிறது. அதை இன்னும் முன்னால், முதல் வாக்கியத்திலேயே வைத்துப் பார்த்தபோது, வாசகர் சரவணனின் கதையைக் கேட்கும் பார்வையாளராகிவிட்டார். அந்தச் சொல்லை இடம் மாற்றி மாற்றி மூன்று முறை உரக்க வாசித்த பிறகே அது கடைசியில் நின்றது.